6 லட்சம் ஆஃபர், கையில் எவ்வளவு? சேல்ஸ் வேலையின் சம்பளக் கணக்கைப் படிப்பது எப்படி?

கோவையில் ஓர் இளைஞருக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஆஃபர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே சேல்ஸ் வேலை. முதல் நிறுவனம், கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிறது. கடை கடையாக நேரில் போக வேண்டும். ஆண்டுச் சம்பளம் 6 லட்சம். இரண்டாவது நிறுவனமும் சாஃப்ட்வேர்தான் விற்கிறது, ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் பேசி விற்கும் வேலை. ஆண்டுச் சம்பளம் 4 லட்சத்து 80 ஆயிரம்.

வீட்டில் கேட்டால் என்ன சொல்வார்கள்? "இதுல யோசிக்க என்ன இருக்கு, 6 லட்சத்தை எடு" என்பார்கள். நண்பர்களும் அதையேதான் சொல்வார்கள். ஆனால், கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஓராண்டு முடிவில் இரண்டாவது வேலையில்தான் கையில் அதிகம் தங்கியிருக்கக்கூடும். எப்படி?

ஆஃபர் லெட்டரில் இருப்பது நீங்கள் வாங்கப்போகும் சம்பளம் அல்ல. எல்லாமே சரியாக நடந்தால் வாங்கக்கூடிய சம்பளம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் ஒரு சேல்ஸ் வேலையின் தரத்தைச் சொல்கிறது. (இங்கே வரும் இரண்டு ஆஃபர்களும் விளக்கத்துக்காக உருவாக்கியவை. ஆனால், இதில் உள்ள நிபந்தனைகள் எல்லாம் சந்தையில் சாதாரணமாகப் புழங்குபவைதான்.)

முதலில் சிடிசியை உடைக்க வேண்டும்

முதல் ஆஃபரில் 60% நிலையான சம்பளம், 40% வேரியபிள் பே. அதாவது, 6 லட்சத்தில் 3 லட்சத்து 60 ஆயிரம் மட்டும்தான் உறுதி. மீதி 2 லட்சத்து 40 ஆயிரம், விற்றால்தான் வரும். மாதக் கணக்கில் சொன்னால் 30,000 உறுதி, 20,000 விற்பனையைப் பொறுத்தது.

அந்த 30,000-ம் முழுதாகக் கைக்கு வராது. நிறுவனம் செலுத்தும் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடு இரண்டும் சிடிசிக்குள்ளேயே அடக்கம். அதற்கு சுமார் 3,000 போய்விடும். பிறகு நம் பங்கு பிஎஃப், தொழில் வரி என்று இன்னொரு 2,000. ஆக, ஒரு கடைகூட விற்காத மாதத்தில் வங்கிக் கணக்கில் விழுவது 25,000 ரூபாய்.

இரண்டாவது ஆஃபரில் வேரியபிள் 15% மட்டுமே. 4 லட்சத்து 80 ஆயிரத்தில் 72,000. மாதம் 6,000. உறுதியான பகுதி மாதம் 34,000. அதே பிடித்தங்கள் போக கையில் 29,000.

இந்த இரண்டு எண்களையும், 25,000 மற்றும் 29,000, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகை, பைக் இஎம்ஐ, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் இந்த எண்ணுக்குள் சமாளிக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. 'முடியாது, இன்சென்டிவ் வந்தால்தான் வாடகையே கட்ட முடியும்' என்றால், அந்த வேலையின் ரிஸ்க் நிறுவனத்தின் தலையில் இல்லை, உங்கள் தலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

டார்கெட் எட்டக்கூடியதா? தலைகீழாக வகுத்துப் பாருங்கள்

முதல் நிறுவனத்தின் டார்கெட் மாதத்துக்கு 20 கடைகள். இன்டர்வியூவில், "ஒரு நாளைக்கு ஒரு கடைகூட வராது சார், ரொம்ப ஈஸி" என்று சொல்லியிருப்பார்கள். கேட்கும்போது அப்படித்தான் தோன்றும்.

இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கடையை விற்க எத்தனை பேருக்கு டெமோ காட்ட வேண்டும்? நான்கு பேருக்குக் காட்டினால் ஒருவர் வாங்குகிறார் என்று வைப்போம். 20 கடைக்கு 80 டெமோ. ஒரு டெமோவுக்கு எத்தனை கடை ஏற வேண்டும்? ஓனர் இல்லை, கூட்டமாக இருக்கிறது, 'அப்புறம் வாங்க தம்பி' எல்லாம் போக, ஐந்து கடை ஏறினால் ஓர் இடத்தில் டெமோ காட்ட முடியும். 80 டெமோவுக்கு 400 கடை ஏற வேண்டும். மாதத்தில் 25 வேலை நாள். ஒரு நாளைக்கு 16 கடை.

ஒவ்வொரு கடைக்கும் பயணம், காத்திருப்பு, பேச்சு எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் வைத்தாலே 8 மணி நேரம் ஆகிறது. இதற்கு நடுவில் ஏற்கனவே வாங்கிய கடைக்காரர், "தம்பி, பில் பிரின்ட் ஆகல" என்று கூப்பிடுவார். அதுவும் உங்கள் வேலைதான். நடைமுறையில் ஒரு நாளைக்கு 12 கடை என்பதே நல்ல வேகம். 12 கடை என்றால் மாதம் 300 விசிட், 60 டெமோ, 15 விற்பனை. அதாவது டார்கெட்டில் 75%.

நன்றாக வேலை பார்த்தும் 75% தான் வருகிறது என்றால் அது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை. டார்கெட் அப்படிப் போடப்பட்டிருக்கிறது. பல நிறுவனங்களில் டார்கெட் மேலிருந்து கீழே இறங்கும். தலைமை அலுவலகம் சொல்லும் எண்ணுக்கு மேல் மண்டல மேலாளர் கொஞ்சம் கூட்டுவார், யாராவது வேலையை விட்டுப் போனாலும் தன் எண் குறையக் கூடாது என்பதற்காக. அவருக்குக் கீழே இருக்கும் டீம் லீடரும் அதையே செய்வார். கடைசிப் படியில் நிற்பவருக்குக் கிடைப்பது எல்லோருடைய முன்ஜாக்கிரதையும் சேர்ந்த எண்.

அதனால் இன்டர்வியூவில் கேட்க வேண்டியது 'டார்கெட் எவ்வளவு?' என்பது மட்டும் இல்லை. "இந்த டீமில் எத்தனை பேர் இருக்காங்க? போன 6 மாசத்துல அதில் எத்தனை பேர் டார்கெட்டை அடிச்சாங்க?" என்று கேட்க வேண்டும். பத்தில் ஆறு, ஏழு பேர் அடிக்கிறார்கள் என்றால் அது வேலை செய்யும் டார்கெட். பத்தில் ஒருவர் என்றால், அந்த ஒருவரின் சம்பளத்தைத்தான் உங்களிடம் ஆஃபராகக் காட்டுகிறார்கள். பதிலே சொல்லாமல், "எங்க டாப் பெர்ஃபார்மர் மாசம் ஒரு லட்சம் வாங்குறார்" என்று பேச்சைத் திருப்பினால், அதுவும் ஒரு பதில்தான்.

76% உழைப்புக்கு 41% பணம்

அதிகம் பேர் கவனிக்காமல் கையெழுத்துப் போடுவது இன்சென்டிவ் ஸ்லாபில்தான். 75% விற்றால் 75% வேரியபிள் வரும் என்று நாம் நினைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அப்படி இருக்காது. முதல் நிறுவனத்தின் ஸ்லாப் இப்படி இருக்கிறது:

- 14 கடைக்குக் கீழே: ஒன்றும் இல்லை
- 14, 15 கடை: 6,000 ரூபாய்
- 16, 17 கடை: 10,000 ரூபாய்
- 18, 19 கடை: 15,000 ரூபாய்
- 20 கடை: முழு 20,000 ரூபாய்
- 20-க்கு மேல் ஒவ்வொரு கடைக்கும் கூடுதலாக 1,500 ரூபாய்

13 கடை விற்றவருக்கு பூஜ்ஜியம். அவர் விற்ற 13 கடையின் பணமும் நிறுவனத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இந்தக் குறைந்தபட்ச வரம்பைத்தான் சேல்ஸ் வட்டாரத்தில் 'கேட்' என்பார்கள். கேட் திறக்கும் வரை உள்ளே பணம் இல்லை.

ஓர் ஆண்டை நிஜமாக ஓட்டிப் பார்ப்போம். முதல் 3 மாதம் ஏரியா பழக வேண்டும், மாதம் 12 கடை. பிறகு 3 மாதம் 14 கடை. 4 மாதம் 16 கடை. தீபாவளி, பொங்கல் நேரத்தில் 2 மாதம் 20 கடை. மொத்தம் 182 கடை. ஆண்டு டார்கெட் 240. ஆக, அவர் 76% விற்றிருக்கிறார். மோசமில்லாத முதல் ஆண்டு.

அவருக்கு வந்த இன்சென்டிவ் எவ்வளவு? முதல் 3 மாதம் பூஜ்ஜியம். அடுத்த 3 மாதம் 18,000. 4 மாதத்துக்கு 40,000. கடைசி 2 மாதத்துக்கு 40,000. மொத்தம் 98,000. ஆஃபரில் சொன்ன 2 லட்சத்து 40 ஆயிரத்தில் இது 41% மட்டுமே. 76% வேலைக்கு 41% பணம்.

இரண்டாவது நிறுவனத்தில் கேட் இல்லை. டார்கெட் 12, ஆனால் முதல் விற்பனையிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய். அதே 76% வேகத்தில் மாதம் 9 விற்றாலும் 4,500 வந்துவிடும். இங்கே செய்த வேலைக்கும் வரும் பணத்துக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இருக்கிறது.

விற்பனை எப்போது 'விற்பனை' ஆகிறது?

கடைக்காரர் கையெழுத்துப் போட்டதும் உங்கள் எண்ணிக்கையில் ஒன்று கூடுமா, பணம் கட்டிய பிறகா, அல்லது மூன்று மாதம் பயன்படுத்திய பிறகா? இதற்கான பதில் ஒவ்வொரு தொழிலிலும் வேறு.

கிரெடிட் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, வழங்கிய கார்டை வாடிக்கையாளர் 30 நாளுக்கு மேல் ஆக்டிவேட் செய்யாவிட்டால், அவரிடம் ஓடிபி மூலம் ஒப்புதல் கேட்க வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் கணக்கை மூட வேண்டும். அதனால் விண்ணப்பம் வாங்கியதை வைத்து அல்ல, கார்டு ஆக்டிவேட் ஆனதை வைத்துக் கமிஷன் தரும் இடங்கள் உண்டு. ஆயுள் காப்பீட்டில் பாலிசி கையில் கிடைத்த பிறகு 30 நாள் 'ஃப்ரீ லுக்' காலம் இருக்கிறது. அதற்குள் வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால், விற்றவரின் கமிஷனும் திரும்பிப் போய்விடும்.

இப்படிக் கொடுத்த கமிஷனைப் பிறகு பிடித்துக்கொள்வதுதான் 'கிளாபேக்'. நியாயமான காரணத்துக்காக இருக்கலாம். ஆனால் எத்தனை நாளுக்குள், எந்தக் காரணத்துக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு நீங்கள் பொய் சொல்லி விற்றது வேறு, சாஃப்ட்வேர் சரியாக ஓடாததால் அவர் விலகியது வேறு. இரண்டுக்கும் உங்களிடமே பிடித்தால், பொருளின் குறைக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள்.

நம் உதாரணத்தில் பத்தில் ஒரு கடை பாதியில் விலகுகிறது என்று வைத்தால், 98,000-ல் சுமார் 10,000 போய்விடும். மீதி 88,000. மாதத்துக்குப் பிரித்தால் 7,300.

பெட்ரோல் யார் காசு?

ஃபீல்டு வேலையில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் பைக்கில் சுற்றினால் மாதம் 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பைக் என்றால் 33 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 3,300. ஆயில், டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் 4,000 வரும். நிறுவனம் தருவது 2,000 என்றால், மீதி 2,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து.

இப்போது மொத்தக் கணக்கு. முதல் வேலையில் 25,000-உடன் 7,300 கூட்டி, 2,000 கழித்தால் மாதச் சராசரி சுமார் 30,300. இரண்டாவது வேலையில் 29,000, இன்சென்டிவ் 4,500. ரத்தாகும் விற்பனைக்குச் சுமார் 500, பஸ் செலவு 1,000 கழித்தால் 32,000.

சராசரியை விட முக்கியமானது மோசமான மாதம். 60% மட்டுமே விற்ற மாதத்தில் முதல் வேலையில் கையில் நிற்பது 23,000. இரண்டாவதில் அதே 60%-க்கு, அதாவது 7 விற்பனைக்கு, 31,000-க்கு மேல். இஎம்ஐ பவுன்ஸ் ஆவது சராசரி மாதத்தில் அல்ல, மோசமான மாதத்தில்தான்.

அப்போ அதிக வேரியபிள் என்றாலே வேண்டாமா?

அப்படி இல்லை. இதே முதல் நிறுவனத்தில் மாதா மாதம் 20 கடை விற்கக்கூடியவர், கிளாபேக், பெட்ரோல் எல்லாம் போக சுமார் 41,000 எடுப்பார். இரண்டாவது நிறுவனத்தில் 100% டார்கெட் அடித்தாலும் 33,000-த்தைச் சுற்றித்தான் நிற்கும். இரண்டும் ஏறக்குறைய சமமாவது 80% இடத்தில், அதாவது மாதம் தவறாமல் 16 கடை விற்கும்போது.

ஆகவே கேள்வி, 'நான் 16-ஐத் தாண்டுவேனா?' என்பதுதான். ஏற்கனவே அதே ஏரியாவில் கடைக்காரர்களைத் தெரிந்தவர், வேறு பொருளை அவர்களுக்கு விற்றுப் பழகியவர், தாராளமாக முதல் ஆஃபரை எடுக்கலாம். கல்லூரி முடித்து முதல் வேலைக்குப் போகிறவருக்கு, அந்த 16 வருவதற்கே ஆறு மாதம் ஆகலாம். அந்த ஆறு மாதத்தைத் தாங்கச் சேமிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவரைப் போன்றவர்கள் நிறுவனத்திடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: முதல் 3 மாதத்துக்கு டார்கெட் குறைவாக, அல்லது இன்சென்டிவ்வில் ஒரு பகுதி உறுதியாகத் தருவார்களா? தொழில் தெரிந்த நிறுவனங்களில் இந்தச் சலுகை புதிதல்ல.

சட்டம் எதுவரை கைகொடுக்கும்?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. சேல்ஸ் வேலையில் இருப்பவர்கள் இதில் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, ஊதியச் சட்டத்தின் கணக்கில் கமிஷன் 'ஊதியம்' ஆகாது. ஆனால் கமிஷன், வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். கிராஜுவிட்டி போன்றவை இந்த ஊதியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி மீதியைப் படிகளாகவும் கமிஷனாகவும் பிரிப்பதற்கு இது ஒரு வரம்பு.

இரண்டாவது, சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. டார்கெட் எட்டவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. வேலைக்கு வராத நாளுக்குப் பிடிக்கலாம். இதைப் பயன்படுத்தி, விற்பனை இல்லாத நாளுக்கு 'ஆப்சென்ட்' போடும் மேலாளர்களும் உண்டு. வருகைப் பதிவை அவ்வப்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

மூன்றாவது, ராஜினாமா செய்தால் நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். ஆனால் கமிஷன் ஊதியத்தில் சேராததால், அது வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் உங்கள் ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். பல ஆஃபர் லெட்டர்களில், 'இன்சென்டிவ் வழங்கப்படும் தேதியில் பணியில் இருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். மார்ச் மாதம் விற்றதற்கு மே மாதம்தான் பணம் என்றால், ஏப்ரலில் விலகுபவருக்கு அந்தப் பணம் இல்லை. வேலை மாறும் தேதியை முடிவு செய்யும் முன் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்டு வாங்க வேண்டிய தாள்

ஆஃபர் லெட்டரில் பெரும்பாலும் 'நிறுவனத்தின் இன்சென்டிவ் கொள்கைப்படி' என்று மட்டும்தான் இருக்கும். அந்தக் கொள்கை தனி ஆவணம். "இன்சென்டிவ் பாலிசியை மெயிலில் அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். அதில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: கேட் எத்தனை சதவீதத்தில் திறக்கிறது, எந்தக் கட்டத்தில் விற்பனையாக எண்ணுகிறார்கள், கிளாபேக் எத்தனை நாள், பணம் எந்தத் தேதியில் வருகிறது.

'நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்' என்ற வரி கிட்டத்தட்ட எல்லாக் கொள்கையிலும் இருக்கும். அதை எடுக்கச் சொல்ல முடியாது. ஆனால், "போன வருஷம் எத்தனை தடவை மாத்தினீங்க?" என்று கேட்கலாம். அந்த டீமில் வேலை பார்த்து விலகிய ஒருவரிடம் பேச முடிந்தால் இன்னும் நல்லது. அவரிடம் 'வேலை எப்படி?' என்று கேட்காதீர்கள். "உங்களுக்கு ரொம்பக் குறைவா வந்த மாசம் எவ்வளவு வந்துச்சு?" என்று கேளுங்கள்.

அவர் சொல்லும் எண்ணையும், நீங்கள் தாளில் எழுதி வைத்த 25,000-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 6 லட்சமா, 4 லட்சத்து 80 ஆயிரமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்தால் போதும்.